படம் பிடித்த லாப நட்டக் கணக்கிலிருந்து லாப விகிதம் எடுப்பது எப்படி

போன மாதம் ஒரு நாள் இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, ஒரு வருஷம் முழுக்க உழைச்சு எங்க கடையோட மொத்த லாபம் ஒன்றரை விழுக்காடுதானா? அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம் ஆட்கள் இன்றும் கடைத்தெரு என்று சொல்லும் லெபு பாசாருக்குப் பக்கத்தில் அவர்கள் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனி. வங்கிக் கடனுக்காக லாப விகிதம் கேட்டிருக்கிறார்கள். ஆடிட்டர் கொடுத்த கணக்குப் புத்தகம் காகிதமாகத்தான் கையில் இருக்கிறது. தம்பி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியில் வரிகளை எடுத்து, எக்செல் தாளில் ஒட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் வகுத்தது சரி. வகுப்பதற்கு முன்னால் எண்கள் கெட்டுப் போயிருந்தன. அவருக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கதை அதேதான்.

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் லாப நட்டக் கணக்கு பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். முன்பக்கத்தில் வருவது சுருக்கம். விற்பனை, விற்ற சரக்கின் அடக்கம், நிர்வாகச் செலவு, வரி என்று நாலைந்து வரிதான். புத்தகத்தின் கடைசியில், நிர்வாகத்தின் பார்வைக்கு மட்டும் என்ற குறிப்போடு ஒரு விரிவான பக்கம் இருக்கும். தொடக்கச் சரக்கு, கொள்முதல், சம்பளம், வாடகை எல்லாம் தனித்தனியாக அதில்தான் வரும். படம் பிடிக்க வேண்டியது அந்தப் பக்கத்தை. சுருக்கத்தில் விகிதம் வந்துவிடும், ஆனால் அந்த எண் சரியா என்று சோதிக்க உள்விவரம் வேண்டும்.

பக்கம் ஆங்கிலத்திலும் இருக்கலாம், மலாயிலும் இருக்கலாம். தேட வேண்டிய சொற்கள் இவை:

```
Sales / Revenue      Jualan
Cost of sales        Kos jualan
Gross profit         Untung kasar
Net profit           Untung bersih
```

படம் எடுக்கும்போது புத்தகத்தை மேசையில் விரித்து, மடிப்பு தட்டையாகும்படி ஓரத்தை அழுத்திக்கொள்ளுங்கள். கடைக்குள் மேலே விளக்கு எரிந்தால் உங்கள் கையும் கைப்பேசியும் பக்கத்தின் மேல் நிழல் போடும். அஞ்சடிக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. நேர் மேலிருந்து எடுங்கள். சாய்வாக எடுத்தால் இடப்பக்கச் சொல்லும் வலப்பக்க எண்ணும் ஒரே கோட்டில் நிற்காது, சம்பளத்துக்கு நேரே வாடகைத் தொகை வந்து உட்கார்ந்துவிடும். படத்தை இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சின்ன எழுத்து மங்கிவிடும்.

எடுத்த வரிகளை அப்படியே நம்ப வேண்டாம்

தம்பியின் படத்தில் மடிப்பு நிழல் சரியாக மொத்த லாப வரியின் மேல் விழுந்திருந்தது. அதனால் விற்ற சரக்கின் அடக்கம், மொத்த லாபம் என்ற இரண்டு முக்கியமான எண்களும் வரவே இல்லை. மேல்பாதியில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

```
Sales                        486,320
Less: Sales returns            3,120
                             483,200
Less: Cost of sales
Opening stock       58,400
Purchases          347,750
Carriage inwards     6,930
                   407,080
Less: Closing stock C62,680)
```

இதில் கவனிக்க வேண்டியது, எண்கள் இரண்டு நெடுவரிசையில் நிற்கின்றன. உள்வரிசையில் இருப்பவை கூட்டிக் கழிக்கும் விவரங்கள். வெளிவரிசையில் இருப்பது அவற்றின் முடிவு. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். 407,080 என்பது அதற்கு மேலே உள்ள மூன்று எண்களின் கூட்டுத்தொகை, அது தனிச் செலவு இல்லை. அதே போல 483,200 என்பது திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகு நிற்கும் நிகர விற்பனை.

சில சமயம் சொற்கள் எல்லாம் ஒரு பத்தியாகவும் எண்கள் எல்லாம் அடுத்த பத்தியாகவும் பிரிந்து வரும். அப்போது தலைப்பு வரிதான் ஆளை ஏமாற்றும். மேலே நாலாவது வரியைப் பாருங்கள், அதற்கு எதிரே எண்ணே கிடையாது. இரண்டு பத்தியையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பெயர் இல்லாத 483,200 தலைப்புக்குப் போய்விடும், இறுதிச் சரக்குக்கு நேரே 407,080 வந்து நிற்கும். அதனால் ஒட்டுவதற்கு முன் காகிதத்தைப் பார்த்து, எண் இல்லாத வரிகளையும் பெயர் இல்லாத எண்களையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளில் எப்படி அடுக்குவது

நான் எப்போதும் மூன்று கட்டம் வைத்துக்கொள்வேன். A கட்டத்தில் வரியின் பெயர், B கட்டத்தில் தொகை, C கட்டத்தில் குறி. முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, 2ஆவது வரிசையிலிருந்து எழுதுவேன். தொகைகளை எல்லாம் குறி இல்லாமல் எழுதிவிட்டு, லாபத்தைக் கூட்டுவதற்கு 1, குறைப்பதற்கு -1 என்று C கட்டத்தில் நானே போடுவேன். படத்திலிருந்து வரும் அடைப்புக்குறியை நம்பவே மாட்டேன். அது `C` ஆக வரும், சில நேரம் `1` ஆகக்கூட வந்து 62,680 என்பது 162,680 ஆகிவிடும், சில நேரம் காணாமலே போகும். குறியைத் தீர்மானிக்க வேண்டியது அந்த வரியின் பொருள்.

```
A                  B          C
Sales              486,320     1
Sales returns        3,120    -1
Opening stock       58,400    -1
Purchases          347,750    -1
Carriage inwards     6,930    -1
Closing stock       62,680     1
```

இறுதிச் சரக்குக்கு ஏன் கூட்டல் குறி என்று தம்பி கேட்டார். வருடக் கடைசியில் அலமாரியில் மிச்சம் இருக்கும் மிளகும் சீரகமும் இன்னும் விற்கவில்லை. அதை வாங்கிய செலவு இந்த வருட விற்பனையின் தலையில் விழக்கூடாது. அதனால் அடக்கத்திலிருந்து அதைக் கழிக்கிறோம், அடக்கம் குறைந்தால் லாபம் கூடும். இந்த இடத்தில்தான் அவர் தவறியிருந்தார். `C`யையும் அடைப்புக்குறியையும் அழித்துவிட்டு, 62,680 வெள்ளியைக் கொள்முதலோடு கூட்டியிருந்தார்.

இதற்குக் கீழே மீதி வரிகளையும் எழுதுங்கள். இந்தக் கடைக்கு 8ஆவது வரிசையில் மற்ற வருமானம் 2,400 வெள்ளி. 9 முதல் 16 வரை எட்டுச் செலவுகள்: சம்பளம் 54,000, இபிஎஃப் சொக்சோ 8,070, வாடகை 30,000, மின்சாரம் தண்ணீர் 7,730, வேன் செலவு 5,480, வங்கி வட்டி 4,270, தேய்மானம் 6,500, கணக்கு மற்றும் செயலாளர் கட்டணம் 3,600. 17ஆவது வரிசையில் வருமான வரி 3,480. காகிதத்தில் அச்சான கூட்டுத்தொகைகளை B கட்டத்தில் எழுதவே வேண்டாம். அவற்றைத் தனியாக E கட்டத்தில் வையுங்கள். அவைதான் உங்கள் சாட்சிகள்.

வகுப்பதற்கு முன் கூட்டிப் பாருங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். லாப நட்டக் கணக்கு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் காகிதம். ஒவ்வொரு பகுதியின் கீழும் ஒரு கூட்டுத்தொகை அச்சாகியிருக்கும். நீங்கள் எடுத்த எண்கள் அந்தத் தொகையைக் கொடுத்தால் நம்பலாம். கொடுக்காவிட்டால் ஏதோ ஒரு எண் தப்பாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

தம்பியின் தாளில் விற்பனைப் பகுதி சரியாக வந்தது. 486,320 கழித்தல் 3,120, ஆக 483,200. அடுத்த பகுதி வரவில்லை. 58,400, 347,750, 6,930 மூன்றையும் கூட்டினால் 413,080. காகிதத்தில் இருப்பது 407,080. வித்தியாசம் 6,000.

வித்தியாசத்தின் உருவத்தைப் பாருங்கள். ஒரே ஒரு இலக்கம், பின்னால் மூன்று பூஜ்யம். அப்படியானால் ஏதோ ஒரு எண்ணில் ஆயிரம் இடத்தில் ஓர் இலக்கம் மட்டும் 6 தள்ளிப் போயிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மங்கிய அச்சில் 1 என்பது 7 ஆக வாசிக்கப்படும், இடைவெளி 6. பூஜ்யம் 6 ஆனாலும் இடைவெளி 6. 3க்கும் 8க்கும் 5, 5க்கும் 6க்கும் 1. இங்கே ஆயிரம் இடத்தில் 7 இருக்கும் எண் கொள்முதல்தான். 347,750 என்பது 341,750 ஆக இருக்க வேண்டும். உடனே மாற்றிவிடாதீர்கள், படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பாருங்கள். பார்த்தோம், 1தான். மேல் கொக்கி கொஞ்சம் தடித்து அச்சாகியிருந்தது.

நீங்கள் கையால் தட்டச்சு செய்தால் வேறு மாதிரிப் பிழை வரும். 54ஐ 45 என்று மாற்றி அடித்துவிடுவோம். அந்தப் பிழையின் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியில்லாமல் வகுபடும். பழைய கணக்கப்பிள்ளைகள் இதை வைத்துத்தான் இரவோடு இரவாகப் பேரேட்டைச் சரி செய்தார்கள்.

அடுத்தது மொத்த லாபம். அந்த வரி நிழலில் போய்விட்டது, ஆனால் காகிதம் அதை வேறு இடத்தில் சொல்கிறது. மற்ற வருமானம் 2,400ஐச் சேர்த்த பிறகு 141,200 என்று ஒரு தொகை அச்சாகியிருந்தது. 141,200 கழித்தல் 2,400, ஆக மொத்த லாபம் 138,800 இருந்தாக வேண்டும். கொள்முதலைத் திருத்திய பிறகும் தம்பியின் கணக்கு 13,440 என்றுதான் காட்டியது. வித்தியாசம் 125,360. இதைப் பாதியாக்கிப் பாருங்கள், 62,680. இறுதிச் சரக்கின் தொகை அப்படியே வந்து நிற்கிறது. வித்தியாசத்தின் பாதி ஏதாவது ஒரு வரிக்குச் சமமாக இருந்தால், அந்த வரியைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள், அல்லது கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள்.

ஒரு பகுதியை முடித்த பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். முதல் பிழையைத் திருத்தாமல் நேரே மொத்த லாபத்துக்குப் போயிருந்தால் வித்தியாசம் 131,360 என்று வந்திருக்கும். அதன் பாதி 65,680. அந்தத் தொகை எந்த வரியிலும் இல்லை. இரண்டு பிழை கலந்துவிட்டால் இரண்டுமே ஒளிந்துகொள்ளும்.

கீழ்ப்பாதியில் செலவுகளின் கூட்டுத்தொகை 119,650. 141,200லிருந்து அதைக் கழித்தால் வரிக்கு முந்திய லாபம் 21,550. வரி 3,480 போக 18,070. இந்த எண்கள் அப்படியே அச்சாகியிருந்தன. வருமான வரி எழுதிய இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அந்த வரியில் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறிப்பு எண் 7 என்று இருந்தது. அது தொகையோடு ஒட்டிக்கொண்டு 73,480 ஆகிவிட்டது. 21,550 வெள்ளி லாபத்துக்கு அவ்வளவு வரி வராது. சின்னக் கம்பெனிக்கு முதல் 150,000 வெள்ளி வரையில் வரி 15 விழுக்காடுதான். தேய்மானத்தை வரிக்கணக்கில் அப்படியே ஏற்க மாட்டார்கள் என்பதால் காகிதத்தில் உள்ள லாபத்தின் 15 விழுக்காட்டோடு அச்சொட்டாகப் பொருந்தாது, ஆனால் பக்கத்தில் நிற்கும்.

கூட்டுத்தொகையும் மங்கிப் போயிருந்தால் இது போன்ற உறவுகளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும், 60 வயதுக்குக் குறைந்த உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு. சொக்சோவையும் சேர்த்தால் சம்பளத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு வரும். 54,000க்கு 8,070 பொருந்துகிறது. சம்பளத்தை 84,000 என்று வாசித்திருந்தால் இந்தப் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்க் காட்டிக் கொடுத்திருக்கும்.

இப்போது வகுக்கலாம்

இது ஒரு நிமிட வேலை. இரண்டு விகிதத்துக்கும் கீழே வைக்க வேண்டியது நிகர விற்பனை, அதாவது 483,200. மற்ற வருமானத்தை அதில் சேர்க்கக்கூடாது.

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)      483,200
=SUMPRODUCT(B2:B7,C2:C7)      138,800
=SUMPRODUCT(B2:B17,C2:C17)     18,070

138,800 / 483,200 = 28.7%
 18,070 / 483,200 =  3.7%
```

மொத்த லாப விகிதம் 28.7 விழுக்காடு, வரிக்குப் பிந்திய நிகர லாப விகிதம் 3.7 விழுக்காடு. வரிக்கு முந்தியது வேண்டும் என்று வங்கி கேட்டால் 21,550ஐ வகுங்கள், 4.5 வரும். எது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் பேச்சில் இரண்டையும் நிகர லாபம் என்றுதான் சொல்கிறோம். இன்னொன்று. தம்பியின் முதல் கணக்கில் மொத்த லாபம் 7,440, அடியில் அச்சான நிகர லாபம் 18,070. பெரிய மற்ற வருமானம் இல்லாத கடையில் நிகர லாபம் மொத்த லாபத்தைத் தாண்டவே முடியாது. அதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் அவருடைய அப்பாவே கூப்பிட்டார். "தம்பி, நான் எல்லாச் சாமானுக்கும் 40 விழுக்காடு வச்சுத்தானே விக்கிறேன். நீங்க 28ங்கிறீங்களே, மீதி எங்க போச்சு?" எங்கேயும் போகவில்லை. அவர் அடக்க விலையின் மேல் சொல்கிறார், விகிதம் விற்பனை விலையின் மேல் சொல்கிறது. அவருடைய அடக்கம் 344,400. 138,800ஐ அதால் வகுத்தால் 40.3 விழுக்காடு. 100 வெள்ளிக்கு வாங்கியதை 140க்கு விற்றால் 40 வெள்ளி லாபம், அது 140இல் 28.6 விழுக்காடு. அவர் சொன்னது துல்லியமாகவே இருந்தது. கடைக்காரரின் வாய்க்கணக்கை இப்படி ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட. இரண்டும் ரொம்ப விலகினால் எண்ணைத் தப்பாக வாசித்திருக்கலாம், இல்லை கடையில் சரக்கு வீணாகிறது.

இந்த எண் எவ்வளவு தூரம் தாங்கும்

மொத்த லாபத்தை ஆட்டிவைப்பது இறுதிச் சரக்குதான். டிசம்பர் 31ஆம் தேதி மூட்டைகளை எண்ணியவர் 10,000 வெள்ளிச் சரக்கைக் கூடுதலாக எழுதியிருந்தால், உண்மையான விகிதம் 28.7 இல்லை, 26.7. கீழே போனால் அடி பெரிது. வரிக்கு முந்திய லாபம் 21,550லிருந்து 11,550 ஆகிவிடும், ஏறக்குறைய பாதி. எவ்வளவு கவனமாக வாசித்தாலும் இந்தத் தப்பு படத்தில் தெரியாது, காகிதமும் அழகாகக் கூட்டிவரும். அதனால் சரக்கு எண்ணிய பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன்.

ஒரே வருடப் பக்கத்தில் போன வருட எண்களும் பக்கத்து நெடுவரிசையில் இருக்கும். அதையும் இதே முறையில் எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம். அப்போது வரிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மசாலா அரைக்கும் ஆளின் கூலியைப் போன வருடம் அடக்கத்தில் வைத்து இந்த வருடம் சம்பளத்தில் வைத்திருந்தால் மொத்த லாப விகிதம் தானாக ஏறும், நிகர லாபம் நகராது. சரக்கை உள்ளே கொண்டுவரும் லாரி வாடகை அடக்கத்தில் சேரும், வாடிக்கையாளருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் செலவு கீழே வரும். இரண்டும் போக்குவரத்து என்ற ஒரே பெயரில் இருந்தால் எது எது என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டும்.

கம்பெனியாக இல்லாமல் ஒருவர் பெயரில் பதிந்த கடை என்றால் கணக்கில் வருமான வரி என்ற வரிசையே இருக்காது, ஏனென்றால் முதலாளி தன் சொந்த வருமான வரியாக அதைக் கட்டுகிறார். அவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பணமும் செலவில் வராது. அப்படிப்பட்ட கடையின் நிகர லாப விகிதம் 12 என்று வந்து, இந்தக் கடைக்கு 3.7 என்று வந்தால் நேராக ஒப்பிட முடியாது. இங்கே அப்பாவும் மகனும் வாங்கும் சம்பளம் 54,000க்குள்ளேயே இருக்கிறது. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இந்தக் கடையின் வரிக்கு முந்திய லாபத்தோடு அவர்கள் இருவரின் சம்பளத்தையும் இபிஎஃபையும் திரும்பச் சேர்த்து, அதை 483,200ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள்.